ஒரே தப்பு, இரண்டு காரணம்

கணக்கு வராத பிள்ளைகள் எல்லோருக்கும் டிஸ்கால்குலியா இருப்பதில்லை. யாருக்கு இருக்கிறது என்று விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் எப்படிப் பிரித்தறிவது? அறிந்தபின் எது கைகொடுக்கும்?

மூன்றாம் வகுப்பில் 52-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் நிறையப் பிள்ளைகள் 45 என்று எழுதுவார்கள். 2-லிருந்து 7 போகாது. அதனால் 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 என்று போட்டுவிட்டு, 5-லிருந்து 1 போக 4 என்று முடித்துவிடுவார்கள். நோட்டில் சிவப்பு மையால் அடிக்கப்படும் இந்த 45-க்குப் பின்னால் இரண்டு வேறு கதைகள் இருக்கலாம். கடன் வாங்கிக் கழிப்பதை யாரும் சரியாகச் சொல்லிக்கொடுக்காத பிள்ளை ஒன்று. எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் எண்ணும் அதன் அளவும் மனதில் ஒட்டாத பிள்ளை இன்னொன்று. இரண்டாவது பிள்ளையின் சிக்கலுக்குத்தான் டிஸ்கால்குலியா என்று பெயர். செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த லாடிஸ்லாவ் கோஷ்ச் 1974-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு இது தனி வகைக் கற்றல் குறைபாடாகப் பரவலாகப் பேசப்படுகிறது.

இரண்டையும் பிரிப்பது நம் ஊரில் ஏன் இவ்வளவு கடினம்? தப்பு போடுகிறவர்கள் அத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் காரணம். நாடு முழுக்க எடுக்கப்பட்ட 2022-ஆம் ஆண்டின் அசர் ஆய்வில், கழித்தல் கணக்கைச் சரியாகப் போட்ட மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். தமிழ்நாட்டில் கொரோனாவுக்காக மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த இடைவெளியை நிரப்ப வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’யை முதலமைச்சர் தொடங்கிவைத்ததே இந்த மாவட்டத்தில்தான்: மரக்காணம் ஒன்றியம் முதலியார்குப்பத்தில், 2021 அக்டோபர் 27 அன்று. அடுத்த ஆண்டு ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. அதில் பிள்ளைகளை வகுப்பு பார்த்து அல்ல, நிலை பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பாடம் நடத்துகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அரும்பு நிலையில் உட்காரும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குப் பாடம் போய்ச் சேரவில்லை என்பதும், ஒருவருக்கு எண்ணே பிடிபடவில்லை என்பதும் அந்தப் பிரிப்பில் தெரியாது. பத்துப் பேருக்கும் ஒரே பயிற்சித்தாள்தான்.

எத்தனை பேருக்கு இது இருக்கும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு கணக்கு உண்டு. மைசூரில் எஸ். ரமா, ஐ.பி. கௌரம்மா இருவரும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வுகளில் ஏறத்தாழ 100-க்கு 6 பேர் என்று வந்தது. படிக்கும் வாய்ப்பில்லாதவர்கள், பார்வை அல்லது கேட்கும் திறனில் குறை உள்ளவர்கள் போன்றோரைப் படிப்படியாக விலக்கியபின் மிஞ்சிய எண்ணிக்கை அது. முப்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒன்றோ இரண்டோ பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளலாம். மீதிப் பேரின் 45-க்குக் காரணம் வேறு.

அரை மணி நேரம், ஒரு கை புளியங்கொட்டை

விளக்கத்துக்காக ஒலக்கூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இரண்டு பிள்ளைகளைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருவன் பையன். அப்பா அம்மா தை பிறந்ததும் செங்கல் சூளை வேலைக்குப் போகிறவர்கள். அவனும் கூடப் போய்விடுவதால் இரண்டாம் வகுப்பில் பாதி நாள் பள்ளிக்கு வரவில்லை. மற்றவள் சிறுமி. ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவள், தமிழ்ப் பாடத்தைத் தடையில்லாமல் வாசிப்பவள். இருவரும் எழுதிய விடை 45.

டீச்சர் இவர்களைத் தனித்தனியே தாழ்வாரத்துக்கு அழைத்து உட்கார வைக்கிறார். முதலில் மூன்று புளியங்கொட்டைகளைத் துணியால் மூடி, ஒரு நொடி திறந்து காட்டி மறுபடி மூடுகிறார். மூன்று, நான்கு பொருள்கள் வரை எண்ணாமலேயே கண் சொல்லிவிடும். பையன் “மூணு” என்கிறான். சிறுமியோ துணி மூடுவதற்குள் ஒவ்வொன்றாக எண்ண முயல்கிறாள். நேரம் போதாமல் ஊகித்து “அஞ்சு” என்கிறாள். திறந்தே வைத்துவிட்டால் சரியாக எண்ணிச் சொல்லிவிடுகிறாள். ஆனால் கொட்டைகளைச் சற்றுக் கலைத்துப் பரப்பி மறுபடி எத்தனை என்று கேட்டால், முதலிலிருந்து எண்ணுகிறாள்.

அடுத்தது ஒப்பிடுதல். 7, 9 இரண்டில் எது பெரிது? பையன் சட்டென்று சொல்கிறான். சிறுமியும் சரியாகத்தான் சொல்கிறாள், ஆனால் ஒன்றிலிருந்து முணுமுணுத்து எண்ணி, எது பின்னால் வருகிறது என்று பார்த்துச் சொல்கிறாள். விடையை மட்டும் குறித்துக்கொண்டால் இருவருக்கும் ஒரே மதிப்பெண் விழும். வழியையும் நேரத்தையும் கவனித்தால்தான் வேறுபாடு தெரியும்.

மூன்றோடு எட்டைக் கூட்டச் சொல்கிறார். பையன் எட்டை மனதில் வைத்துக்கொண்டு ஒன்பது, பத்து, பதினொன்று என்று மூன்று விரல் மடக்குகிறான். சிறுமி ஒன்றிலிருந்து மூன்று வரை மடக்கி, பிறகு எட்டு விரலுக்கு இடமில்லாமல் தவித்து, மறுபடி தொடங்குகிறாள். விரல்விட்டு எண்ணுவது தப்பில்லை. அந்த வயதில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் மற்றவர்கள் பெரிய எண்ணிலிருந்து எண்ணத் தொடங்கியபின்னும், அடிக்கடி வரும் கூட்டல்கள் மனதில் பதிந்தபின்னும் ஒரு பிள்ளை மட்டும் ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்தே தொடங்கினால் அது கவனிக்க வேண்டிய அடையாளம்.

கடைசியாக ஒரு வெற்றுக் கோடு. இடது முனையில் 0, வலது முனையில் 100. அதில் 10, 50, 90 எங்கே வரும் என்று குறிக்க வேண்டும். பையன் 50-ஐ ஏறக்குறைய நடுவில் வைக்கிறான். சிறுமி 10-ஐ நடுவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு 50, 90 இரண்டையும் வலது ஓரத்தில் நெருக்குகிறாள். பள்ளியில் சேரும் வயதுப் பிள்ளைகளுக்குச் சின்ன எண்கள் அகலமாகவும் பெரிய எண்கள் நெருங்கியும் தோன்றுவது இயல்பு. இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் பெரும்பாலானவர்களுக்கு அது சீராகிவிடும். எட்டு வயதிலும் அப்படியே இருந்தால், எண்களுக்கு நடுவேயுள்ள தூரம் அந்தப் பிள்ளைக்கு இன்னும் பிடிபடவில்லை என்று பொருள்.

இதே டீச்சர் பையனிடம் இருபது ரூபாய் கொடுத்து ஏழு ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் மீதி எவ்வளவு என்று வாயால் கேட்டால், பதிமூன்று என்பான். கடைக்குப் போய் வந்த பழக்கம். அவனுக்கு அளவு தெரிகிறது. தாளில் எழுதும் முறைதான் தெரியவில்லை.

ஏமாற்றும் அடையாளங்கள்

சில தப்புகள் பார்க்கப் பெரிதாகத் தெரியும், ஆனால் அவ்வளவு பொருள் இல்லை. நூற்றி ஐந்து என்று சொல்லி எழுதச் சொன்னால் 1005 என்று எழுதுவது அப்படி ஒன்று. நூறையும் ஐந்தையும் கேட்டபடி பக்கத்துப் பக்கத்தில் எழுதுகிறது பிள்ளை. தொண்ணூற்றாறைக் கேட்டு மூன்று இலக்கம் எழுதுவதும் அப்படித்தான். ‘நூறு’ காதில் விழுகிறது அல்லவா? தமிழில் எண் கற்கும் எந்தப் பிள்ளையும் சில காலம் இப்படித் தடுமாறலாம். ஆங்கில வழிப் பள்ளியில் வேறொரு குழப்பம் சேரும். வகுப்பில் ட்வென்ட்டி த்ரீ, வீட்டில் இருபத்திமூணு. அந்தப் பிள்ளையை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டுக் கணக்குக் குறைபாடு என்று முடிவு கட்டக்கூடாது. எந்த மொழியில் எண்ணப் பழகியதோ அந்த மொழியில் கேட்க வேண்டும்.

எழுத்துக் கணக்கில் மட்டும் தோற்கும் பிள்ளைக்குச் சிக்கல் வாசிப்பில் இருக்கலாம். கணக்கை வாசித்துக் காட்டினால் போட்டுவிடுகிறதா என்று பார்த்தால் போதும். கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதும்போது மட்டும் எண்கள் மாறினால் முதலில் கண் பரிசோதனை. முதல் இரண்டு கணக்கைச் சரியாகவும் ஏழாவதை அலட்சியமாகவும் போட்டால் அது கவனச் சிதறலின் சாயல். இவை டிஸ்கால்குலியாவோடு சேர்ந்தும் வரலாம். ஆகவே ஒன்றைக் கண்டவுடன் இன்னொன்று இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது.

கற்பித்துப் பார்ப்பதே பெரிய சோதனை

ஒரு நாள் சோதனையை நம்பி எந்தப் பிள்ளைக்கும் பெயர் வைக்க முடியாது. பயந்திருக்கலாம், காலையில் சாப்பிடாமல் வந்திருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேடும், தகுந்த உதவி கொடுத்தபின்னும் சிக்கல் குறைந்தது ஆறு மாதம் நீடித்தால்தான் கற்றல் குறைபாடு என்று கருதச் சொல்கிறது. அதாவது உதவி முதலில், பெயர் பிறகு. விழுப்புரம் மாதிரியான மாவட்டத்தில் இந்த வரிசை இன்னும் முக்கியம். இங்கே பாடம் போய்ச் சேராத பிள்ளைகள் அதிகம். முறையாகக் கற்பித்தால் அவர்கள் தாமாகவே விலகி மேலே போய்விடுவார்கள்.

நம் இரண்டு பிள்ளைகளையும் எட்டு வார வேலையில் சேர்க்கலாம். வாரம் நான்கு நாள், நாளுக்கு அரை மணி, மூன்று நான்கு பேர் கொண்ட சின்னக் குழு. முதல் இரண்டு வாரமும் பத்துக்குள்தான். ஐந்து ஐந்தாக இரண்டு வரிசைக் கட்டம் வரைந்து அதில் புளியங்கொட்டை வைப்பது. ஏழு என்றால் ஒரு முழு வரிசையும் கூட இரண்டும் என்று கண்ணால் பார்ப்பது, பத்தாக இன்னும் எத்தனை வேண்டும் என்று கேட்பது. எண்ணிச் சொன்னால் போதாது. எப்படித் தெரிந்தது என்று பிள்ளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வாரம் எண்கோடு. இதற்குத் தாழ்வாரத்தில் சாக்பீஸால் நேராக ஒரு கோடு போட்டு, தாயம் மாதிரி ஒரு கட்டையை உருட்டிக் காய் நகர்த்தலாம். ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008 முதல் வெளியிட்ட ஆய்வுகளில், எண் எழுதிய நேர்வரிசைக் கட்டங்களில் விளையாடிய ஏழைக் குடும்பத்துச் சிறு பிள்ளைகளுக்கு எண்ணறிவு தெளிவாகக் கூடியது. வட்டமான பலகையில் அந்தப் பலன் இல்லை. நம் பரமபதத்தில் ஒவ்வொரு வரிசையும் திசை மாறித் திரும்புவதால், எண் நன்றாகப் பிடிபட்டபின் அதற்குப் போவது நல்லது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. 14-ஆம் கட்டத்தில் நிற்கும் காயை மூன்று நகர்த்தும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லாமல் பதினைந்து, பதினாறு, பதினேழு என்று கட்டத்து எண்ணைச் சொல்லி நகர்த்த வேண்டும். பலன் அதில்தான். ஒன்றிலிருந்தே தொடங்கும் சிறுமியின் பழக்கத்தை உடைப்பதும் அதுதான்.

ஐந்தாவது வாரம் ஈர்க்குச்சிக் கட்டு. பத்துக் குச்சிக்கு ஒரு ரப்பர் பேண்ட். 52 என்றால் ஐந்து கட்டும் இரண்டு உதிரியும். 17-ஐ எடுக்க வேண்டும். ஏழு உதிரி கேட்டால் கையில் இரண்டுதான் இருக்கிறது. ஒரு கட்டை அவிழ்த்தால் உதிரி பன்னிரண்டு, கட்டு நான்கு. ஏழு உதிரியும் ஒரு கட்டும் எடுத்தபின் மூன்று கட்டும் ஐந்து உதிரியும் மிச்சம்: 35. முதலில் குச்சியாலும், பிறகு கட்டுக்குக் கோடும் உதிரிக்குப் புள்ளியுமாக வரைந்தும், அதன்பின் எண்ணாலும் போட வேண்டும். பல பள்ளிகளில் நேர்வது என்னவென்றால், குச்சியை ஒரு நாள் காட்டிவிட்டு மறுநாளே எண்ணுக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் வரும் படம் விடுபட்டுப் போகிறது. குச்சியோடு கழிக்கும் பிள்ளை குச்சியில்லாமல் 45-க்கே திரும்புவது அதனால்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு நிமிடச் சோதனை ஒன்று வைத்து, சரியாகப் போட்ட கணக்குகளைத் தேதியோடு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். பையன் கட்டை அவிழ்க்கும் பாடம் வந்த சில நாளிலேயே கழித்தலைப் பிடித்துக்கொள்வான். எட்டாவது வாரத்துக்குள் வகுப்போடு சேர்ந்துவிடுவான். அவனுக்கு இனி வேண்டியது, சூளைக்குப் போனாலும் படிப்பு விடாமல் இருக்க ஒரு வழி. சிறுமியும் முன்னேறியிருப்பாள், ஆனால் வேறு வேகத்தில். ஒப்பிடுவதில் முணுமுணுப்புக் குறைந்திருக்கும், 8-ஐப் பிடித்துக்கொண்டு எண்ணுவாள், ஆனால் கட்டை அவிழ்ப்பது ஒரு நாள் வந்து மறுநாள் மறந்துபோகும். இந்த நோட்டைப் பார்த்தால், பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியது யாரை என்று யாரும் சொல்லிவிடலாம்.

மருத்துவமனைக்குப் போகும் பாதை

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்கால்குலியாவையும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்தது. எப்படிக் கண்டறிய வேண்டும் என்ற வழிகாட்டுதலை மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்டது. அதன்படி மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில், எது முந்தி வருகிறதோ அப்போது, அரசு, தனியார் என்று எல்லாப் பள்ளியிலும் ஆசிரியர்கள் முதல்கட்டமாகப் பார்க்க வேண்டும். தலைமை ஆசிரியர் மேற்கொண்டு அனுப்ப வேண்டும். குழந்தை மருத்துவர் பார்வை, காது, நரம்பு சார்ந்த குறை எதுவும் இல்லை என்று பார்ப்பார். உளவியலாளர் நுண்ணறிவுச் சோதனை வைப்பார். அதில் 85-க்கு மேல் வந்தால், பெங்களூர் நிம்ஹான்ஸ் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுப்பு வைக்கப்படும். எட்டு வயதுக்கு முன் சான்றிதழ் கிடையாது. 14, 18 வயதுகளில் மறுபடி பார்ப்பார்கள்.

நடைமுறையில் முதல் கதவு வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநர். பிறகு அரசு மருத்துவமனை. விழுப்புரத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. உளவியலாளர் எந்த நாளில் பார்க்கிறார் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போனால் ஒரு நாள் கூலி மிச்சம். விரிவான மதிப்பீடு வேண்டுமென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் உண்டு. 1991-இல் தொடங்கிய மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் சென்னையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது.

இந்தப் பாதையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. நிம்ஹான்ஸ் தொகுப்பின் கணக்குப் பகுதியில் வருவது கூட்டல், கழித்தல், பெருக்கல் போன்ற தாள் கணக்குகள். சூளைக்குப் போன பையனும் அதில் தோற்பான், சிறுமியும் தோற்பாள். மருத்துவமனையில் ஒரு மணி நேரம் பார்ப்பவருக்கு இருவரின் கதையும் தெரியாது. அதனால்தான் எட்டு வார நோட்டு தேவை. புளியங்கொட்டையில் என்ன செய்தாள், எந்த வாரம் எத்தனை சரி, எத்தனை நாள் பள்ளிக்கு வந்தாள் என்று எழுதிய நான்கு பக்கம், வெறும் ‘கணக்கில் பின்தங்கியவர்’ என்ற கடிதத்தைவிட உளவியலாளருக்கு அதிகம் சொல்லும்.

சான்றிதழ் எதைத் தரும், எதைத் தராது

சட்டத்தின் 17-ஆம் பிரிவு தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றைச் சொல்கிறது. கொஞ்சம் யோசித்தால், இவை பெரும்பாலும் வாசிப்பிலும் எழுத்திலும் சிக்கல் உள்ள பிள்ளையை மனதில் வைத்தவை. நம் சிறுமிக்கு மொழிப்பாட விலக்கால் ஒன்றும் ஆகாது; தமிழ்தான் அவள் பலம். கூடுதல் நேரம் மட்டும் உதவும், அதுவும் கணக்கைப் போட அவளிடம் ஒரு வழி இருந்தால். வகுப்பறையில் எண்கோட்டை மேசையில் ஒட்டிக்கொள்ள விடுவது, பெருக்கலைப் படியாகப் போடும்போது வாய்ப்பாட்டுத் தாளைப் பார்க்க விடுவது, பத்துக் கணக்குக்குப் பதில் ஐந்து கொடுப்பது போன்றவை அதைவிடப் பெரிய உதவி. இவற்றுக்குச் சான்றிதழே வேண்டாம்.

பெற்றோர் பணம் செலவழித்து ஏமாறும் இடங்களும் உண்டு. வகுப்பில் புரியாத அதே கணக்கை மாலையில் டியூஷனில் இன்னும் இருபது முறை போடுவதால் தப்பான வழிதான் நன்றாகப் பதியும். வேகத்தை முன்னிறுத்தும் அபாகஸ் வகுப்பு, எண்ணே பிடிபடாத பிள்ளைக்குப் பயத்தைத்தான் கூட்டும். ஏழாம் வாய்ப்பாட்டை ராகமாக ஒப்பிக்கும் பிள்ளையிடம் ஆறேழு எத்தனை என்று நடுவில் கேட்டுப் பாருங்கள். முதலிலிருந்து ஒப்பித்துத்தான் அங்கே வர முடிகிறது என்றால் பதிந்திருப்பது ஓசை, அளவு அல்ல. வேகப் பயிற்சியும் தேவைதான், ஆனால் புரிந்த கணக்குக்கு மட்டும், கடைசியில்.

சரியான உதவி எந்த அளவுக்கு மாற்றும்? ஸ்டான்ஃபோர்டில் தெரசா யூகுலானோவும் வினோத் மேனனும் சேர்ந்து நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், கணக்கில் குறைபாடுள்ள ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு வாரம் தனித்தனியே கற்பித்தார்கள். முடிவில் அவர்கள் கணக்குப் போடும் திறன் உயர்ந்தது. கணக்குப் போடும்போது மூளை இயங்கும் விதமும் மற்றப் பிள்ளைகளைப் போலாகியிருந்தது. இன்னொரு பக்கம் இஸ்ரேலில் ரூத் ஷலேவ் குழு டிஸ்கால்குலியா உள்ள பிள்ளைகளை ஆறு ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது, பதினாறு பதினேழு வயதிலும் அவர்களில் ஏறக்குறைய எல்லோரும் கணக்கில் கடைசிக் கால் பகுதியிலேயே இருந்தார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். எட்டு வாரத்தில் ஒரு கணக்கு வகை பிடிபடும். பின்னம் வரும்போதும் தசமம் வரும்போதும் அதே போல இன்னொரு எட்டு வாரம் தேவைப்படும்.

ஆகவே மூன்றாம் வகுப்புப் பெற்றோர் பள்ளியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘சர்டிபிகேட் எப்போது வரும்?’ என்பதல்ல. இந்த வாரம் என் பிள்ளைக்கு எந்தக் கணக்கு, எந்தப் பொருளை வைத்து, எத்தனை நாள் சொல்லிக்கொடுக்கிறீர்கள், வெள்ளிக்கிழமை எத்தனை சரி வந்தது என்று கேட்க வேண்டும். அந்த நான்குக்கும் நோட்டில் விடை இருக்கும் பள்ளியில் பையனும் கரையேறுவான், சிறுமியும் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்வாள். விடை இல்லாத பள்ளியில் சான்றிதழ் கைக்கு வந்தபின்னும் அவள் 52-லிருந்து 17-ஐ அதே மாதிரிதான் கழிப்பாள்.